மைல்ட் ஹைப்ரிட் பேட்ஜுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

பிரெஸ்ஸா வாங்கப் போகிறவர்கள், எர்டிகா பார்ப்பவர்கள், கிராண்ட் விட்டாரா பக்கம் கண் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள். ஷோரூமில் "சார், இது ஹைப்ரிட்" என்கிறார்கள், பின்னால் பேட்ஜ் மின்னுகிறது, ஆனால் வாங்கியவர்களைக் கேட்டால் "அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியலையே" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை, அதை ரூபாயில் சொன்னால் எவ்வளவு என்று பார்ப்போம்.

எல்லாக் கம்பெனிகளையும் இழுக்கப் போவதில்லை. இந்தியாவில் மைல்ட் ஹைப்ரிட் என்றால் பெரும்பாலும் மாருதி சுசூகியின் 12 வோல்ட் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்'தான். அதே அமைப்பு டொயோட்டா ஹைரைடரில் 'நியோ டிரைவ்' என்ற பெயரில் வருகிறது. ஹைரைடரில் 'ஹைப்ரிட்' என்று தனியாக இருப்பது வேறு சரக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு விஷயம் போதும். முதலில், எரிபொருள் எந்த இடத்தில் மிச்சமாகிறது என்று தெரிய வேண்டும், அது தெரிந்தால்தான் உங்கள் ஓட்டத்தில் அந்த இடம் எவ்வளவு வருகிறது என்று பார்க்க முடியும். இரண்டாவது, வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், அதில் ஊருக்குள் எவ்வளவு. மூன்றாவது, விலை வித்தியாசம். இங்கே ஒரு பொறி இருக்கிறது, ஏனென்றால் பேட்ஜ் பல நேரம் மேல் வேரியண்டில்தான் வரும், கூடவே சன்ரூஃபும் அலாய் வீலும் வரும், அதற்கான காசையும் ஹைப்ரிட் கணக்கில் எழுதக் கூடாது. நான்காவது, வாரண்டி முடிந்த பிறகு கைக்கு வரும் செலவு.

## உள்ளே என்னதான் இருக்கிறது

சாதா பெட்ரோல் காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் தனி, ஆல்டர்னேட்டர் தனி. மைல்ட் ஹைப்ரிட்டில் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் ஐ.எஸ்.ஜி. என்று ஒரு யூனிட் உட்கார்ந்திருக்கும். அதே பெல்ட்தான், ஆனால் கொஞ்சம் தடித்த பெல்ட். இந்த யூனிட் கரண்ட் உற்பத்தியும் செய்யும், தேவைப்பட்டால் மோட்டாராக மாறி எஞ்சினைச் சுற்றியும் விடும். அப்புறம் முன் பயணி சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. பானெட்டுக்குள் வழக்கமான லெட் ஆசிட் பேட்டரியும் இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் பழைய ஸ்டார்ட்டர் மோட்டார்தான் வேலை செய்யும், அதன் பிறகு சிக்னல்களில் அணைந்து எழுவதெல்லாம் ஐ.எஸ்.ஜி. வேலை. அதனால்தான் அந்த 'கிர்ர்' சத்தமே இல்லாமல் வண்டி எழுகிறது.

லித்தியம் பேட்டரியின் அளவைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். 12 வோல்ட், 6 ஆம்பியர் அவர், பெருக்கினால் சுமார் 72 வாட் அவர். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பேட்டரி அளவுதான் அது. 1200 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் மட்டுமே 32 வாட் அவர் வரும். ஆக இந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு காரை மோட்டாரால் மட்டும் ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மோட்டார் எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருப்பதால், எஞ்சின் சுற்றாமல் சக்கரம் சுற்றவும் வழியில்லை.

பின்னே என்ன செய்கிறது? மூன்று வேலை. நின்றால் எஞ்சினை அணைக்கிறது, இதைத்தான் ஐடில் ஸ்டாப் என்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் வீணாகப் போகிற ஆற்றலில் கொஞ்சத்தைப் பிடித்துப் பேட்டரியில் போடுகிறது. அந்தக் கரண்டை வைத்து, கிளம்பும்போது எஞ்சினுக்கு லேசாகக் கை கொடுக்கிறது, விளக்கு, மியூசிக் சிஸ்டம் போன்ற மின்சாரச் சுமையையும் தாங்குகிறது. இதில் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படுவது மூன்றாவது, டார்க் அசிஸ்ட். பெட்ரோலை அதிகம் மிச்சம் பிடிப்பது என்னவோ முதலாவதுதான்.

பிரேக்கில் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு. ஐ.எஸ்.ஜி. சுமார் 2 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் செய்கிறது என்று வையுங்கள், நீங்கள் 50லிருந்து நிதானமாக 8 விநாடியில் நிறுத்துகிறீர்கள். கிடைப்பது 4 வாட் அவருக்குக் கொஞ்சம் மேல். அதே கரண்டை எஞ்சினை வைத்து ஆல்டர்னேட்டரில் உற்பத்தி செய்ய வேண்டுமென்றால் ஏறக்குறைய 2 மில்லி பெட்ரோல் எரிய வேண்டும். அவ்வளவுதான், ஒரு நல்ல, நீளமான பிரேக்குக்கு 2 மில்லி. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் 15 கிலோமீட்டர் வேகத்தில் டக்கென்று மிதிக்கும் பிரேக்கில் அதில் கால்வாசி கூடத் தேறாது. மீதி எல்லாம் வழக்கம்போல பிரேக் பேடில் சூடாகப் போய்விடும்.

## கம்பெனியே செய்து காட்டிய சோதனை

மைல்ட் ஹைப்ரிட்டால் எவ்வளவு மைலேஜ் கூடுகிறது என்று சொல்வது பொதுவாகக் கஷ்டம், ஏனென்றால் ஹைப்ரிட் வரும்போதே எஞ்சினும் மாறிவிடும், எடையும் மாறிவிடும். ஆனால் பிரெஸ்ஸாவில் தற்செயலாக ஒரு நல்ல ஒப்பீடு கிடைத்தது. 2022இல் வந்த புது பிரெஸ்ஸாவில் எல்லா பெட்ரோல் வேரியண்டிலும் ஸ்மார்ட் ஹைப்ரிட் இருந்தது. 2023 நடுவில் மேனுவல் கியர் வேரியண்டுகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், ஐடில் ஸ்டாப்பும் சேர்ந்தே போனது. ஆட்டோமேட்டிக்கில் மட்டும் விட்டுவைத்தார்கள். அப்புறம் 2024 தொடக்கத்தில் இசட்.எக்ஸ்.ஐ. மேனுவல்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதே 1.5 லிட்டர் எஞ்சின், அதே 5 கியர், அதே பாடி. கார்களின் மைலேஜை அதிகாரப்பூர்வமாகச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் கணக்கில் ஹைப்ரிட் இல்லாமல் லிட்டருக்கு 17.38 கிலோமீட்டர், ஹைப்ரிட்டோடு 19.89.

இரண்டரை கிலோமீட்டர் வித்தியாசம். லிட்டர் கணக்கில் மாற்றினால், 100 கிலோமீட்டருக்கு 5.75 லிட்டர் குடித்த வண்டி 5.03 லிட்டர் குடிக்கிறது, அதாவது 12.6 சதவீதம் மிச்சம். சின்ன பேட்டரிக்கு இது பிரமாதமான எண்தான். இவ்வளவும் பேட்டரியால் மட்டும் வந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, கொஞ்சம் டியூனிங்கும் இதில் கலந்திருக்கலாம். ஆனாலும் கம்பெனி தரும் எண் இதுதான், இதையே உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளலாம். 2019இல் எம்.ஜி. ஹெக்டர் 48 வோல்ட் அமைப்போடு வந்தபோதும் இதே மாதிரிதான்: சாதா மேனுவல் பெட்ரோல் 14.16, ஹைப்ரிட் 15.81. வோல்ட் நான்கு மடங்கு, ஆனால் டெஸ்ட்டில் மிச்சம் கிட்டத்தட்ட அதே அளவு.

பலேனோவைப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். 2019இல் டூயல் ஜெட் எஞ்சினும் ஸ்மார்ட் ஹைப்ரிட்டும் சேர்ந்து வந்த மேனுவல் பலேனோ 23.87 கொடுத்தது. 2022இல் வந்த புது பலேனோவில் டூயல் ஜெட்டை வைத்துக்கொண்டு, ஹைப்ரிட்டை எடுத்துவிட்டு, வெறும் ஐடில் ஸ்டாப்பை மட்டும் விட்டார்கள், மைலேஜ் 22.35. கார் மாறியிருக்கிறது, அதனால் இதைப் பிரெஸ்ஸா அளவுக்கு நம்ப முடியாது. ஆனாலும் தோராயமாகப் புரிகிறது: ஐடில் ஸ்டாப் கைவசம் இருக்கும்போது, பெரிய மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் கூடுதலாகத் தருவது சுமார் 6 சதவீதம்தான், அதுவும் டெஸ்ட் ரூமில்.

## டெஸ்ட் ரூமுக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் உள்ள தூரம்

ஏ.ஆர்.ஏ.ஐ. எண் வருவது ரோலர் மேல் ஓடும் 1180 விநாடி சோதனையில். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நேரம் வண்டி சும்மா நிற்கிறது. வேகம் 90ஐத் தாண்டுவதில்லை. ஏ.சி. கிடையாது. நிதானமாக வேகம் எடுத்து, நிதானமாகக் குறைக்கிறார்கள். ஐடில் ஸ்டாப் உள்ள காருக்கு இதைவிட வசதியான பரீட்சை அமையாது: நிற்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஒழுங்காக அணையும்.

நம் ஊரில் அது அப்படி அணைவதில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "ஹைப்ரிட் வாங்கியும் மைலேஜ் வரலை" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

மேனுவல் காரில் எஞ்சின் தானாக அணைய, வண்டி நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கிளட்சிலிருந்து கால் எடுத்திருக்க வேண்டும். கிளட்சை மறுபடி மிதித்ததும் எழுந்துவிடும். இது போக எஞ்சின் சூடாகியிருக்க வேண்டும், பேட்டரியில் போதுமான சார்ஜ் வேண்டும், சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், டிரைவர் கதவு மூடியிருக்க வேண்டும். இப்போது மத்திய கைலாஷ் சிக்னலில் ஒரு சுற்றுப் பாருங்கள். பாதிப் பேர் முதல் கியரில் போட்டு கிளட்சை முழுசாக அமுக்கிக்கொண்டு, பச்சை விழுந்ததும் பாய்வதற்குத் தயாராக நிற்பார்கள். அவர்கள் காரில் ஐடில் ஸ்டாப் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இன்னும் சிலர் அந்த அணைந்து எழும் உணர்வு பிடிக்காமல், டேஷ்போர்டில் இருக்கும் ஆஃப் பட்டனை வண்டி எடுத்ததும் அமுக்கிவிடுவார்கள்.

அடுத்தது ஏ.சி. கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. எஞ்சின் அணைந்தால் வெறும் புளோயர் காற்றுதான் வரும். மே மாத வெயிலில் கேபின் இன்னும் குளிரவில்லை என்றால் சிஸ்டம் எஞ்சினை அணைக்கவே அணைக்காது, அப்படியே அணைத்தாலும் அரை நிமிடத்தில் தானாக எழுப்பிவிடும். பெங்களூரு மாலையில் ஒழுங்காக வேலை செய்யும் அதே கார் சென்னை மதியத்தில் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான், ரிப்பேர் இல்லை.

ஆட்டோமேட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு சாதகம். பிரேக்கை மிதித்து நிறுத்தினாலே அணைந்துவிடும், பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. அதனால் அதே அமைப்பு மேனுவலைவிட ஆட்டோமேட்டிக்கில் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

இனி கணக்கு. தாம்பரத்திலிருந்து தேனாம்பேட்டை, சுமார் 22 கிலோமீட்டர், காலையில் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். சிக்னலிலும் நெரிசலிலும் மொத்தமாக 15 நிமிடம் நிற்கிறீர்கள். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சும்மா நிற்கும்போது மணிக்கு 0.7 லிட்டர் அளவில் குடிக்கும், ஏ.சி. போட்டால் இன்னும் கூடும். 15 நிமிடமும் அணைந்தே இருந்தால் 175 மில்லி மிச்சம். லிட்டருக்கு 13 கொடுக்கிற காரில் அந்தப் பயணத்துக்கு 1.7 லிட்டர் ஆகும், ஆக 10 சதவீதம். ஆனால் ஏ.சி.யோடு, ஊர்ந்து நகரும் நெரிசலில், பாதி நேரம்கூட அணையாது. 70 மில்லி மிஞ்சினால் நல்லது, அது 4 சதவீதம். பிரேக்கில் பிடித்த கரண்டுக்கு இன்னொரு 2 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் 6 சதவீதம் என்பது நியாயமான எண். உங்கள் பழக்கம் நல்லதாக இருந்து, சிக்னல்கள் நீளமாக இருந்தால் 8 வரை போகலாம்.

திண்டிவனம் தாண்டி 100இல் போகும்போது நிற்பதும் இல்லை, பிரேக்கும் இல்லை. டோல்கேட்டில் ஏதோ கொஞ்சம். அங்கே ஒன்று, ஒன்றரை சதவீதம் என்று எழுதினாலே தாராளம்.

வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவர், அதில் 8,000 ஊருக்குள், 4,000 வெளியூர். சாதா பெட்ரோலில் ஊருக்குள் 13, வெளியூரில் 18 கிடைக்கிறது என்றால் மொத்தம் சுமார் 838 லிட்டர். மைல்ட் ஹைப்ரிட்டில் மிச்சம் ஊருக்குள் 37 லிட்டர், வெளியூரில் 3 லிட்டர், ஆக 40 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்றால் வருடம் 4,000 ரூபாய். ஏ.ஆர்.ஏ.ஐ. எண்ணை அப்படியே நம்பிக் கணக்கிட்டிருந்தால் 87 லிட்டர், 8,700 ரூபாய் வந்திருக்கும். நிஜம் அதில் பாதிக்கும் கொஞ்சம் கீழே.

## சாதா பெட்ரோல்

இதன் பெரிய பலம், இதில் புதிதாகக் கெட்டுப்போக எதுவும் இல்லை. ஆல்டர்னேட்டர் போனால் எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பார், பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். பெரும்பாலும் வெளியூர் ஓட்டம், அல்லது மாதம் 500 கிலோமீட்டருக்குள் ஓட்டம், அல்லது திருநெல்வேலி, காரைக்குடி மாதிரி சிக்னல் அதிகம் இல்லாத ஊர் என்றால் பேட்ஜுக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. பிரெஸ்ஸாவில் வி.எக்ஸ்.ஐ. உங்களுக்குப் போதும் என்றால் மைலேஜைக் காரணம் காட்டி இசட்.எக்ஸ்.ஐ.க்குப் போகாதீர்கள். சன்ரூஃப் வேண்டும், நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்றால் போங்கள், அது உங்கள் ஆசை, அதற்கு மைலேஜ் சாக்கு வேண்டாம்.

ஐடில் ஸ்டாப் மட்டும் உள்ள சாதா பெட்ரோல் கார்களும் உண்டு, பலேனோ, ஃபிராங்ஸ் 1.2 போல. சிக்னல் மிச்சம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. எனக்குக் கேட்டால், விலைக்குச் சரியான இடம் இதுதான்.

## மைல்ட் ஹைப்ரிட்

வருடம் 4,000 ரூபாய், 8 வருடம் வைத்திருந்தால் 32,000. அதிலிருந்து பின்னால் வரும் செலவைக் கழிக்க வேண்டும். எனவே ஒரே மாதிரி வசதிகள் உள்ள இரண்டு வேரியண்டுக்கு நடுவே 20,000 ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் வாங்கலாம், 50,000 என்றால் வேண்டாம், ஒரு லட்சம் என்றால் கேள்வியே இல்லை. எர்டிகா போன்ற கார்களில் பெட்ரோல் என்றாலே ஸ்மார்ட் ஹைப்ரிட்தான் வருகிறது, அங்கே உங்களுக்குத் தேர்வே இல்லை, யோசிக்க வேண்டாம், கிடைத்ததை அனுபவியுங்கள்.

பணத்தைத் தாண்டி ஒரு நல்ல விஷயம், எழும் விதம். ஐடில் ஸ்டாப் மட்டும் உள்ள கார் ஒவ்வொரு சிக்னலிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரால் உலுக்கி எழும், இது பெல்ட்டால் எழுவதால் தெரியவே தெரியாது. தெரியாததால் ஆஃப் பட்டனை அமுக்குபவர்கள் குறைவு, அதுவும் ஒரு மிச்சம்தான்.

மறைமுகச் செலவில் முதலில் வருவது லித்தியம் பேட்டரி இல்லை, பானெட்டில் இருக்கும் லெட் பேட்டரி. அடிக்கடி அணைந்து எழும் காருக்கென்று தனி வகை பேட்டரி இருக்கிறது, சாதாரணத்தைவிடச் சில ஆயிரம் அதிகம். மூன்று நான்கு வருடத்தில் அது போகும்போது தெருமுனைக் கடையில் "இதுவும் அதே சைஸ்தான் சார்" என்று சாதா பேட்டரியை மாட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் ஐடில் ஸ்டாப் வேலை செய்வது நின்றுவிடும், பேட்டரியும் சீக்கிரம் கிழடாகிவிடும். வாங்கியவர் "ஹைப்ரிட் ரிப்பேர்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஐ.எஸ்.ஜி. யூனிட்டும் லித்தியம் பேட்டரியும் நீண்ட நாள் வரும் பொருள்கள்தான், ஆனால் போனால் வெளியே கிடைக்காது. விலையை சேல்ஸ்காரரிடம் கேட்காதீர்கள், சர்வீஸ் பக்கம் போய் ஸ்பேர்ஸ் கவுண்டரில் கேளுங்கள், கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்த விலையை உங்கள் எட்டு வருட மிச்சத்தோடு வைத்துப் பார்த்தால், எதுவும் போகாமல் இருந்தால்தான் லாபம் என்பது புரியும்.

## ஸ்ட்ராங் ஹைப்ரிட்

ஷோரூமில் "ஹைப்ரிட்" என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டையும் குழப்புவதால் இதையும் பார்த்துவிட வேண்டும். கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் பேட்டரி 0.76 கிலோவாட் அவர், அதாவது மைல்ட் ஹைப்ரிட்டைப் போல பத்து மடங்கு. மோட்டார் 59 கிலோவாட், நேராகச் சக்கரத்தை இழுக்கும். நெரிசலில் எஞ்சின் அணைந்தபடியே கார் ஊர்ந்து போகும், ஏ.சி. கம்ப்ரஸரும் கரண்டில் ஓடும். மேலே சொன்ன இரண்டு தலைவலியும் இங்கே இல்லை.

கம்பெனி எண்ணில் 27.97, அதே காரின் மைல்ட் ஹைப்ரிட் மேனுவல் 21.11. ஊருக்குள் நிஜத்தில் வித்தியாசம் இதைவிடப் பெரிது: மைல்ட் 14க்குக் கீழே தடுமாறும் இடத்தில் இது 20ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மேலே சொன்ன அதே 12,000 கிலோமீட்டருக்கு, ஊருக்குள் 21, வெளியூரில் 20 என்று வைத்தால், மைல்ட் ஹைப்ரிட்டைவிட வருடம் 220 லிட்டர், 22,000 ரூபாய் மிச்சம். ஆனால் விலை வித்தியாசம் இரண்டரை லட்சம் என்றால் மீட்க 11 வருடத்துக்கு மேல் ஆகும். வருடம் 25,000 ஓட்டுபவருக்கு அது ஐந்தரை வருடத்தில் வந்துவிடும், ஹைப்ரிட் பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் என்பதால் அவர் துணிந்து போகலாம்.

விலையில் தெரியாத இழப்பு பூட்டில் இருக்கிறது. பேட்டரி அங்கே உட்கார்ந்திருப்பதால் இடம் 373 லிட்டரிலிருந்து 265 ஆகிவிடுகிறது. குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பெரிய பெட்டியைக் கொண்டுபோய் ஷோரூமிலேயே வைத்துப் பாருங்கள். மேனுவல் கியரும் கிடையாது.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | சாதா பெட்ரோல் | மைல்ட் ஹைப்ரிட் (12 வோல்ட்) | ஸ்ட்ராங் ஹைப்ரிட் |
|---|---|---|---|
| கூடுதல் பேட்டரி | இல்லை | சுமார் 0.07 கிலோவாட் அவர் | 0.76 கிலோவாட் அவர் |
| மோட்டாரால் மட்டும் நகருமா | இல்லை | நகராது | நகரும் |
| எஞ்சின் அணைந்தால் ஏ.சி. குளிர் | பொருந்தாது | நின்றுவிடும் | தொடரும் |
| ஊருக்குள் மிச்சம், சாதாவோடு ஒப்பிட்டால் | – | 6 சதவீதம் சுமார் | மூன்றில் ஒரு பங்குக்கு மேல் |
| நெடுஞ்சாலையில் மிச்சம் | – | ஒன்று, ஒன்றரை சதவீதம் | 10 சதவீதம் சுமார் |
| கூடுதலாகக் கொடுக்கத் தகும் தொகை, வருடம் 12,000 கி.மீ.க்கு | – | 20,000 ரூபாய் வரை | ஒன்றரை லட்சம் வரை |
| பொருத்தமான ஆள் | குறைந்த ஓட்டம், வெளியூர் ஓட்டம் | ஊருக்குள் ஓட்டம், ஆட்டோமேட்டிக் | ஊருக்குள் நிறைய ஓட்டம் |

கடைசிக்கு முந்தைய வரியில் உள்ள தொகைகள் 8 வருடம் வைத்திருப்பவருக்கான என் கணக்கு, பின்செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுச் சொல்வது. நான்கு வருடத்தில் விற்கிறவர்கள் பாதியாக்கிக்கொள்ளலாம்.

## அரசாங்கமும் ஒரு காலத்தில் நம்பியது

2015இல் சியாஸ் டீசலும் எர்டிகா டீசலும், ஸ்மார்ட் ஹைப்ரிட்டின் பழைய பெயரான எஸ்.எச்.வி.எஸ். என்ற பேட்ஜோடு வந்தன. அந்த வருடம்தான் மத்திய அரசின் ஃபேம் மானியத் திட்டமும் தொடங்கியிருந்தது, மைல்ட் ஹைப்ரிட்டுக்கும் அதில் பங்கு கிடைத்தது. 2017 ஏப்ரலில் மைல்ட் ஹைப்ரிட்டை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆக அந்த முதல் இரண்டு வருடம் பேட்ஜுக்கு மைலேஜைத் தவிர வேறொரு வேலையும் இருந்தது.

## பழைய கார் வாங்கினால்

எஸ்.எச்.வி.எஸ். அல்லது ஸ்மார்ட் ஹைப்ரிட் பேட்ஜ் உள்ள சியாஸ், எர்டிகா செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன. பேட்ஜுக்காக விற்பவர் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், அது வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காரைப் பதினைந்து நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏ.சி.யை அணைத்து, பெல்ட் போட்டு, ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு கிளட்சை விடுங்கள். அணைய வேண்டும். கிளட்சை மிதித்தால் சத்தமில்லாமல் எழ வேண்டும். கீச்சென்று பெல்ட் சத்தம் வந்தால் பெல்ட்டும் டென்ஷனரும் தேய்ந்திருக்கின்றன, விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அணையவே இல்லை என்றால் முதல் சந்தேகம் லெட் பேட்டரி மேல்தான், யாராவது சாதா பேட்டரி மாட்டியிருக்கிறார்களா என்று பானெட்டைத் திறந்து லேபிளைப் படியுங்கள். மீட்டருக்கு நடுவே ஆற்றல் ஓட்டம் காட்டும் திரை உள்ள கார்களில், ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக் பிடிக்கும்போது பேட்டரி பக்கம் அம்புக்குறி போகிறதா என்று பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஒருமுறைகூடப் போகவில்லை என்றால் பேட்டரியையோ ஐ.எஸ்.ஜி.யையோ கம்பெனி சர்வீஸில் ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

சென்னைக் கார் என்றால் இன்னும் ஒன்று. லித்தியம் பேட்டரி உள்ள கார்களில் அது முன் சீட்டுக்கு அடியில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது; பழைய எஸ்.எச்.வி.எஸ். டீசல்களில் லித்தியம் பேட்டரி கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நின்ற கார்களில் தண்ணீர் முதலில் ஏறியது அந்த உயரத்துக்குத்தான். சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, ஃப்ளோர் மேட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பேட்டரி பெட்டியின் போல்ட்டுகளைப் பாருங்கள். துருவோ காய்ந்த சேறோ தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்தக் காரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.